‘கிடைக்கவில்லை’ என்ற ஒரு வரி: ஹட்டனில் எழுதிய ஒரு கடிதத்தின் கதை

ஹட்டன் நகரில் நான் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோ கொபி, தட்டச்சு, இணைய விண்ணப்பம் என்று எல்லாம் உண்டு. உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியான பிறகு சில வாரங்களுக்குக் கடையில் கூட்டம் கூடிவிடும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பெரிய கடித உறைகளோடு வருவார்கள். அப்படி வந்த ஒரு பிள்ளையின் விடயத்தை, அவளுடைய அனுமதியோடு, நடந்தபடியே எழுதி வைக்கிறேன். பெயரையும் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடுகிறேன். இலக்கங்களை மாற்றியிருக்கிறேன்.

அவள் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். ஓர் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். 11 ஆம் திகதி புதன்கிழமை, பிற்பகல் மழையில் நனைந்தபடி வந்து கைபேசியை என் முன் நீட்டினாள். பல்கலைக்கழகத்தின் பதிவுப் பக்கத்தில் ஆறு ஆவணங்களின் பட்டியல் இருந்தது. ஐந்துக்கு எதிரே பச்சைக் குறி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எதிரே மட்டும் சிவப்பில் `Not received` என்று இருந்தது.

“நான் அனுப்பினேன் அண்ணா. இரண்டு தடவை ‘வெற்றி’ என்று வந்தது” என்றாள்.

பதிவுக்கு இறுதி நாள் 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை. ஒன்பது நாள் இருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறு போகும். 17 ஆம் திகதி போயா விடுமுறை. கையில் இருந்தவை ஆறு வேலை நாட்கள்தான். அலுவலகத்துக்கு எழுதுகிறவர் அலுவலகத்தின் நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

மீண்டும் பதிவேற்றிவிட்டால் போயிற்று என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததுமே பதிவேற்றும் பொத்தான் அந்தப் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது. போட்ட கோப்பைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அலுவலகம் உள்ளேயிருந்து திறந்துவிட்டால் ஒழிய அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கடிதம் எழுதியே ஆக வேண்டும்.

எழுதாமலும் இல்லை. 5 ஆம் திகதி ஒன்று, 9 ஆம் திகதி ஒன்று என இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இரண்டுக்கும் பதில் இல்லை. இடையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் தொலைபேசி எடுத்திருக்கிறாள். “பதிவு ஆவணங்களைப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். அது சரியான பதில்தான். எந்தப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்று தெரிவு செய்வது ஆணைக்குழு. தெரிவான பிள்ளையின் ஆவணங்களைப் பார்த்துப் பெயரைப் பதிந்துகொள்வது அந்தந்தப் பல்கலைக்கழகம். இரண்டு கதவுகளும் வேறு வேறு என்பது தெரியாமல் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் அவளுக்கு முன்னும் பலர் உண்டு.

முதல் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். விடயம் என்ற இடத்தில் `Urgent` என்ற ஒரே சொல். உள்ளே ஆங்கிலத்தில் பதினெட்டு வரிகள். அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுக்கிறார், எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை நான், எல்லா ஆவணங்களையும் அனுப்பிவிட்டேன், தயவுசெய்து பார்த்து உதவுங்கள். இவற்றில் பொய் ஒன்றுமில்லை. படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் அந்த மேசையில் இருக்கும் முகாமைத்துவ உதவியாளருக்கு இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இவள் யார் என்று தேட இலக்கம் இல்லை. எந்த ஆவணம் என்று இல்லை. விடை சொல்லக்கூடிய கேள்வியும் இல்லை. “பார்த்து உதவுங்கள்” என்பதற்குப் பதில் எழுத வேண்டுமானால் அவர் முதலில் இவளுடைய பெயரைத் தேட வேண்டும். ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். பிறகு ஆறு ஆவணங்களையும் பார்க்க வேண்டும். பிறகு இவள் என்ன கேட்கிறாள் என்று ஊகிக்க வேண்டும். பதிவுக் காலத்தில் அப்படிப்பட்ட கடிதத்தை யாரும் ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டாவது மின்னஞ்சல் இன்னும் மோசம். அதில் இலக்கம் இருந்தது, ஆனால் உயர்தரப் பரீட்சைச் சுட்டெண்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவளுடைய பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் எழுதியிருந்தன. சுட்டெண் பரீட்சைத் திணைக்களத்துக்கு உரியது. ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்தபோது கிடைத்த இலக்கம் ஆணைக்குழுவுக்கு உரியது. தேசிய அடையாள அட்டை இலக்கம் நாடு முழுவதற்கும் பொது. நான்காவதாக, பல்கலைக்கழகத்தின் பதிவுப் பக்கத்தில் முதன்முறை நுழைந்தபோது மின்னஞ்சலில் வந்த மேற்கோள் இலக்கம். இந்த நான்கில் அந்த மேசைக்குச் சொந்தமான இலக்கம் கடைசி ஒன்றுதான். மற்றவற்றை வைத்தும் தேட முடியலாம். ஆனால் அந்த எழுதுவினைஞரின் திரையில் முதல் பெட்டியில் தட்டெழுதப்படுவது அவர்களே கொடுத்த இலக்கம். நாம் எழுதும் அலுவலகம் நமக்கு எந்த இலக்கத்தைக் கொடுத்ததோ அதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

நான்கையும் போட்டுவிடலாமே என்றாள். வேண்டாம் என்றேன். நான்கு இலக்கம் இருந்தால் எது முக்கியம் என்று பார்ப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டி வரும். அதோடு, அடையாள அட்டை இலக்கத்தின் முதல் பகுதியிலிருந்தே பிறந்த ஆண்டையும் நாளையும் படித்துவிடலாம், பெண்ணா ஆணா என்பதையும் சொல்லிவிடலாம். தேவையில்லாத கடிதத்தில் அதை எதற்குத் தர வேண்டும்?

கொப்பியில் இருந்த மேற்கோள் இலக்கத்தைப் பார்த்து நான் அப்படியே தட்டெழுதினேன். பிறகு ஒரு சந்தேகத்தில் அவளுடைய பழைய மின்னஞ்சலைத் தேடச் சொன்னேன். வந்திருந்தது இப்படி:

```
REG/SC/0O3187
```

கொப்பியில் அவள் எழுதியிருந்ததில் இரண்டும் ஒரே மாதிரியான வட்டங்கள். ஒன்று பூச்சியம், மற்றது ஆங்கில எழுத்து. நான் இரண்டையும் பூச்சியமாக அடித்திருந்தேன். அந்த இலக்கத்தைத் தேடினால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றுதான் வந்திருக்கும். இப்படி ஒரு வரிசையை உருவாக்கியவரைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை இங்கே எழுதவில்லை. இலக்கத்தைக் கையால் எழுதாமல், வந்த மின்னஞ்சலிலிருந்து தொட்டு எடுத்து ஒட்டுவதே வழி.

அடுத்தது கேள்வி. இதற்குத்தான் அன்று மாலை அதிக நேரம் போனது. கடிதம் பத்து நிமிட வேலை, கேள்வி ஒரு மணி நேர வேலை.

முதலில் அவள் சொன்னது: “என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடைத்ததா?” இதற்கு விடை திரையிலேயே இருக்கிறது, கிடைக்கவில்லை. அவரும் அதையே எழுதி அனுப்புவார், நாம் இருந்த இடத்திலேயே இருப்போம்.

இரண்டாவது: “நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?” இது நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு அலுவலகத்தில் ஆயத்தமான ஒரு பதில் இருக்கிறது. ‘அறிவுறுத்தற் கையேட்டின் இன்ன பக்கத்தைப் பார்க்கவும்’ என்று ஓர் இணைப்பு வரும். அவளுடைய கோப்பைத் திறக்காமலே அனுப்பிவிடக்கூடிய பதில் அது.

மூன்றாவதை நான் எழுதினேன்: “என் பத்திரம் உங்களுக்கு வரவே இல்லையா, அல்லது வந்தும் ஏற்கப்படவில்லையா?” இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ‘கிடைக்கவில்லை’ என்ற வரிக்குள் பல அர்த்தங்கள் ஒளிந்திருக்கலாம் அல்லவா? கோப்பு வழியிலேயே போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். சரியான இடத்தில் இருந்தும், தெளிவில்லை என்றோ வேறு பத்திரம் என்றோ தள்ளப்பட்டிருக்கலாம். எது என்பதைப் பொறுத்து நாம் செய்ய வேண்டியதும் மாறும். வரவே இல்லை என்றால் மறுபடி அனுப்பினால் போதும். பிரதி ஏற்கப்படவில்லை என்றால் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் புதிதாக உறுதிப்படுத்திய பிரதி எடுக்க வேண்டும். அதற்கு அவளோடு அம்மாவும் போக வேண்டும். அம்மாவுக்கு ஒரு நாள் பேரும் அன்றைய கூலியும் போய்விடும். தோட்டத்தில் அது சின்ன விடயமில்லை.

ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அந்தக் கேள்வியிலும் ஓட்டை தெரிந்தது. நான் இரண்டு காரணங்களைக் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறேன். உண்மைக் காரணம் மூன்றாவதாக இருந்தால்? அந்த உதவியாளர் எது கிட்டவோ அதைச் சொல்லிவிடுவார். அவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சிவப்புக் குறியைப் போட்டவர் வேறொருவராக இருக்கலாம். காரணத்தைக் கேட்டால் ஊகம் வரும். அவர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதைக் கேட்டால்தான் தகவல் வரும்.

இப்படித்தான் நான்காவது கேள்விக்கு வந்தோம்: “பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குரிய இடத்தில் என் கோப்பில் இப்போது இருக்கும் ஆவணம் எது?” இதற்குப் பதில் சொல்ல அவர் அந்த இடத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஒன்றுமில்லை என்றால் ‘ஒன்றுமில்லை’ என்பார். மங்கலான படம் இருந்தால் அதைச் சொல்வார். வேறொருவருடைய பத்திரம் இருந்தால் அதையும் சொல்வார். எந்தப் பதில் வந்தாலும் எங்களுக்கு அடுத்த வேலை தெரிந்துவிடும்.

அவளுக்கு இன்னும் மூன்று விடயங்கள் கேட்க வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரத்தில் அவளுடைய பெயர் ஒரே சொல்லாக இருக்கிறது, அடையாள அட்டையில் அப்பாவின் பெயரும் சேர்ந்திருக்கிறது, இதனால் பிரச்சினை வருமா? விடுதி கிடைக்குமா? மஹாபொல புலமைப்பரிசிலுக்கு எப்போது விண்ணப்பிப்பது? மூன்றும் முக்கியமானவை. மூன்றையும் இந்தக் கடிதத்தில் சேர்க்க நான் விடவில்லை. விடுதி வேறு பிரிவு, புலமைப்பரிசில் வேறு பிரிவு. ஒரு கடிதத்தில் நான்கு கேள்வி இருந்தால், பெறுபவர் தன்னால் விடை சொல்லக்கூடிய எளிய ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, கடிதத்துக்குப் பதில் போய்விட்டது என்று குறித்துவிடுவார். அல்லது முழுவதையும் அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்.

பெயர் விடயத்தில் எனக்கு வேறொரு எண்ணமும் இருந்தது. அவர்கள் இன்னும் கேட்கவில்லை. தோட்டப் பக்கத்தில் இந்தப் பெயர் வித்தியாசம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. பிறப்பைப் பதிந்த நாளில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். அதற்குச் சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி ஒன்றை ஆயத்தமாகக் கையில் வைத்திருந்தால் போதும், கேட்டால் கொடுக்கலாம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் காணாமற்போன பத்திரத்தைப் பற்றிய கடிதத்தில் அதையும் எடுத்துவைத்தால், ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை ‘மேலதிகாரியின் தீர்மானத்துக்கு’ என்று போய்விடும். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு பேச்சு வந்தது. தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரிமை இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுப்பவன் இல்லை. ஆனால் ஆறு வேலை நாட்கள் இருக்கும்போது கடிதம் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இரண்டு நாள் கிடப்பதையும் நான் விரும்பவில்லை. மேலே ஆங்கிலத்தில் எழுதி, கீழே அதையே தமிழில் வைத்தோம். தமிழ்ப் பகுதி இது:

விடயம்: REG/SC/0O3187 – பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ‘கிடைக்கவில்லை’ எனக் காட்டுவது

சிரேஷ்ட உதவிப் பதிவாளர், அனுமதிப் பிரிவு

ஐயா / அம்மணி,

எனது மேற்கோள் இலக்கம் REG/SC/0O3187. விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியுள்ளேன். 2 ஆம் திகதி திங்கட்கிழமை பதிவுப் பக்கத்தில் எனது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பதிவேற்றினேன். 11 ஆம் திகதி பிற்பகல் 3 மணிக்கும் அந்தப் பத்திரம் ‘கிடைக்கவில்லை’ என்றே காட்டுகிறது. திரையின் படத்தை இணைத்துள்ளேன்.

எனது கேள்வி: பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குரிய இடத்தில் எனது கோப்பில் இப்போது இருக்கும் ஆவணம் எது?

பதிவுக்கு இறுதி நாள் 20 ஆம் திகதி. தங்கள் பதில் கிடைத்த அன்றே தேவையானதை அனுப்ப ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
(விண்ணப்பத்தில் உள்ளபடி முழுப் பெயரும் தொலைபேசி இலக்கமும்)

இவ்வளவுதான். பழைய இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை என்று குறைசொல்ல அவளுக்கு ஆசை. அதை எடுத்துவிட்டேன். அந்த மின்னஞ்சல்களில் பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று அவளிடம் நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

பத்திரத்தையே மின்னஞ்சலில் இணைத்துவிடலாமே என்று பக்கத்தில் போட்டோ கொபிக்கு நின்ற ஓர் ஆசிரியர் கேட்டார். இணைத்தால் ‘கிடைத்தது, நன்றி’ என்று ஒரு பதில் வரும், நாங்களும் நிம்மதியாகப் போய்த் தூங்குவோம், பதிவுப் பக்கத்தில் சிவப்புக் குறி அப்படியே இருக்கும். மின்னஞ்சல் பெட்டியும் பதிவுப் பக்கமும் வேறு வேறு. இறுதி நாளன்று கணக்கெடுக்கும்போது பார்க்கப்படுவது பதிவுப் பக்கம். அதனால் திரையின் படத்தை மட்டும் இணைத்தோம். அதிலும் அவளுடைய மேற்கோள் இலக்கமும் சிவப்பு வரியும் தெரியும்படி, மற்றதை வெட்டிவிட்டோம்.

மாலை ஐந்து மணிக்கு முன் அனுப்பினோம். மஸ்கெலியா பஸ் கிளம்பப் போகிறது என்று ஓடினாள். அவர்கள் லயத்தில் சிக்னல் இல்லை, கோயிலடி மேட்டுக்கு ஏறினால்தான் மின்னஞ்சல் வரும். அதனால் தொலைபேசி இலக்கத்தோடு, என் கடை மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகும்படி செய்திருந்தேன்.

வியாழன் ஒன்றும் வரவில்லை. வெள்ளி மதியம் வரை பார்ப்பது, இல்லையென்றால் அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக ஒரு வரி எழுதிவிட்டு, இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசி எடுப்பது என்று பேசி வைத்திருந்தோம். புதிதாக வேறொரு மின்னஞ்சல் தொடங்கக் கூடாது. தொடங்கினால் வேறொருவர் கையில் போய் விழும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தேவைப்படவில்லை. வெள்ளி பிற்பகல் இரண்டரைக்குப் பதில் வந்தது. நான்கு வரிகள், ஆங்கிலத்தில். அதன் சாரம் இது: அந்த இடத்தில் ஒரு பக்கம் மட்டுமே உள்ளது. அது ஆங்கில மொழிபெயர்ப்பு. மூலப் பத்திரத்தின் பிரதி இல்லை. 18 ஆம் திகதி வரை அந்த இடம் உங்களுக்காகத் திறக்கப்பட்டுள்ளது, இரண்டையும் ஒரே கோப்பாகப் பதிவேற்றவும்.

நாங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னதோடு நிற்காமல், கேட்காததையும் அவர் செய்து கொடுத்திருந்தார். என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவருக்கு என்ன இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது, அதைச் சரிசெய்யும் பொத்தானும் அவர் கைக்கருகிலேயே இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை அவள் அம்மாவோடு வந்தாள். என்ன நடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. 2 ஆம் திகதி அவள் கோயிலடி மேட்டில் நின்று, கைபேசியால் மூலப் பத்திரத்தைப் படமெடுத்துப் பதிவேற்றியிருக்கிறாள். ‘வெற்றி’ என்று வந்தது. பிறகு அதே இடத்தில் மொழிபெயர்ப்பையும் பதிவேற்றியிருக்கிறாள். மறுபடியும் ‘வெற்றி’. அந்த இடத்தில் ஒரு கோப்புக்குத்தான் இடம். இரண்டாவது உள்ளே போனபோது முதலாவது அழிந்துவிட்டது. அப்படி அழியும் என்று எந்த எச்சரிக்கையும் திரையில் வரவில்லை. அவள் இரண்டையும் அனுப்பினேன் என்றது உண்மை. பத்திரம் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னதும் உண்மை.

சமர்ப்பிக்கும் முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். அவளுடைய கைபேசியில் அன்று எடுத்த திரையின் படம் ஒன்று இருந்தது. அந்த வரிக்கு எதிரே கோப்பின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது, `translation.pdf` என்று. பக்கத்தில் அளவும் இருக்கிறது. இரண்டு பத்திரம் போட்ட இடத்தில் ஒரே பெயர் இருந்தால், அங்கே இருப்பது ஒரே கோப்புதான்.

இப்போது கோப்பைச் சரியாக உருவாக்க வேண்டும். பத்திரத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு கவலை வந்தது. தோட்டத்தில் பலரும் செய்வதுபோல அதையும் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். ஈரமும் கரையானும் இருக்கிற வீட்டில் அது ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் கைபேசியால் படமெடுத்தால் வெளிச்சம் பட்டு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். அவள் முன்பு எடுத்த படத்தில் அந்தத் திட்டு சரியாகப் பதிவு இலக்கத்தின் மேல் விழுந்திருந்தது. முதல் கோப்பு அழியாமல் இருந்திருந்தாலும் வேறொரு காரணத்தால் திரும்பி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தட்டையான ஸ்கேனரில் வைத்தேன். முதலில் வண்ணத்தில், 300 புள்ளி அடர்த்தியில் எடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்து மூன்று எம்.பி.யைத் தாண்டிவிட்டது. பதிவுப் பக்கம் ஏற்பது இரண்டு எம்.பி. வரைதான். அளவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் கோப்பு சுருங்கிவிட்டது, ஆனால் பதிவாளரின் ஊதா முத்திரை கிட்டத்தட்ட மறைந்துபோனது. சாம்பல் நிறத்தில், 200 புள்ளியில் எடுத்தபோதுதான் முத்திரையும் தெரிந்தது, ஓர் எம்.பி.க்குள்ளும் அடங்கியது. முதற்பக்கம் மூலப் பத்திரம், இரண்டாம் பக்கம் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு மொழிபெயர்ப்பு. கோப்புக்கு அவளுடைய மேற்கோள் இலக்கத்தையே பெயராக வைத்தோம், சாய்கோடுகள் இல்லாமல்.

பதிவேற்றுவதற்கு முன் திறந்து பக்கத்தை எண்ணினோம். பதிவேற்றிய பிறகு அந்த வரியில் வந்த பெயரையும் அளவையும் பார்த்து, திரையைப் படமெடுத்தோம். பிறகு அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரி: இரண்டு பக்கமும் ஒரே கோப்பாக 14 ஆம் திகதி காலை பதிவேற்றப்பட்டுள்ளது, இடத்தைத் திறந்து தந்தமைக்கு நன்றி. அதில் கேள்வி ஒன்றும் வைக்கவில்லை.

அம்மா அதுவரை கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து திரையைப் பார்த்து, “இனி நாங்கள் போக வேண்டியதில்லையா தம்பி?” என்று கேட்டார். பிரதேச செயலகத்துக்குத்தான். போக வேண்டியதில்லை என்றேன்.

திங்களன்று சிவப்பு வரி மஞ்சளாகி `Under review` என்று மாறியது. போயா கழிந்து புதனன்று பச்சையானது.

பெயர் வித்தியாசத்தைப் பதிவு நாளன்று கருமபீடத்தில் கேட்டிருக்கிறார்கள். சத்தியக் கடதாசியை நீட்டினாள். வாங்கி கோப்பில் கோத்துக்கொண்டார்களாம்.

விடுதிக்கு எழுதும் மின்னஞ்சலை அவளே கைபேசியில் எழுதி, அனுப்பும் முன் எனக்கு அனுப்பியிருந்தாள். விடயத்தில் இலக்கம், உள்ளே ஆறு வரி, ஒரு கேள்வி: முதலாம் ஆண்டு மாணவிகளுக்கான விடுதி விண்ணப்பத்தில் தூரச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் போதுமா? இலக்கத்தில் பூச்சியமும் எழுத்தும் சரியான இடத்தில் இருந்தன. நான் ஒன்றையும் மாற்றவில்லை. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. நாளை மூன்றாவது வேலை நாள், மதியத்துக்குப் பிறகு தொலைபேசி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.